கடலில் கொட்டிய கூடையை நான் மறைக்கவில்லை

எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. அப்படியிருந்தும் அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

எனக்குக் குருநகர்க் கரையில் நண்டு வாடி. படகுக்காரர் கொண்டுவரும் நண்டை வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டு அனுப்புவோம். அவள் சாவகச்சேரிப் பக்கத்துத் தோட்டக்காரரின் மகள். கடல் படிப்புப் படித்தவள். நண்டின் அளவு எடுக்கும் வேலைக்கு என்னிடம் வந்தாள். ஒவ்வொரு நண்டின் முதுகு ஓட்டையும் குறுக்கே அளந்து, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று கொப்பியில் பதிவாள். இரண்டு வருடம் பஸ்ஸில் வந்து போனாள். மகளின் உடம்பில் நண்டு மணக்கிறது என்று அவளுடைய தகப்பன் ஒருமுறை வந்து என்னை ஏசிவிட்டுப் போனார்.

மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். படிப்பித்தவர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம், வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். இரண்டும் போய்ச் சேராவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தும் பார்க்கமாட்டார்களாம்.

"வேறை ஆள் இல்லை, அன்ரி. அதுதான் உங்களைக் கேக்கிறன்" என்றாள்.

"எனக்கு இங்கிலிஸ் தெரியாது."

"தமிழிலை எழுதுங்கோ. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒராளிட்டைக் குடுத்து மாத்துங்கோ. ரண்டையும் சேர்த்து நீங்கள்தான் அனுப்பவேணும். உங்கடை ஈமெயிலுக்கு லிங்க் வரும். நான் கடிதத்தைப் பாக்கக் கூடாது. பாக்கமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டன்."

"அப்ப நான் என்ன எழுதினாலும் உனக்குத் தெரியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை முடிவு நாள். என்ரை வாழ்க்கை உங்கடை கையிலை. உங்களுக்குச் சந்தோசம்தானே?" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு. எழுத நேரம் எடுத்தது. இதுதான் எழுதினேன்:

இந்தப் பிள்ளை என் வாடியில் இரண்டு வருடம் வேலை செய்தாள். நண்டை அளந்து கொப்பியில் எழுதுவது வேலை. ஒரு நாளும் பிந்தி வரவில்லை. பிடிவாதக்காரி. வாய் காட்டுவாள். ஒரு நாள் நான் வாங்கின சினை நண்டை ஒரு கூடை கடலில் கொட்டிவிட்டாள். நான் அவளை வேலையால் நிற்பாட்டினேன். அடுத்த நாள் காலை வந்து அளக்கத் தொடங்கினாள். அவளுடைய கொப்பியில் நண்டு மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டு வந்தது. நான் சினை நண்டு வாங்குவதை விட்டுவிட்டேன். எனக்கு அவளில் விருப்பம் இல்லை. அவள் எழுதின அளவில் ஒரு பிழையும் இல்லை.

பன்னிரண்டு வசனம். கீழே கையெழுத்து வைத்தேன்.

மொழிபெயர்ப்பாளர் கோட்டடியில் இருந்தார். இளைப்பாறிய பள்ளிக்கூட மாஸ்ரர். பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், காணி உறுதி, இவைதான் அவருக்குக் கூடுதலாக வருவது. வெளிநாடு போகிற சனம் வாசலில் நிற்கும். என் கடிதத்தை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் என்ன படிச்சனீர்?"

"அஞ்சாம் வகுப்பு."

"தெரியுது. நாளைக்கு வாரும்."

செவ்வாய்க்கிழமை போனேன். இரண்டு பக்கம் அடித்து முத்திரையும் குத்தி வைத்திருந்தார். என் கடிதம் ஒரு பக்கம்கூட வராது. ஏன் நீளம் என்று கேட்டேன்.

"இங்கிலிஸ் அப்பிடித்தான்" என்றார்.

நான் நம்பவில்லை. அந்தப் பிள்ளையிடம் காட்டவும் முடியாது. கன்னியர் மடத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிஸ்ரர் இங்கிலிஸ் படிப்பித்தவர். ஆளுக்கு முகத்துக்கு நேரே கதைக்கிற பழக்கம். இரண்டு தாளையும் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

சிஸ்ரர் வாசித்தார். "மேற்படி செல்வி கௌரவமான குடும்பத்திலை பிறந்தவர். பணிவும் அடக்கமும் உள்ளவர். மூத்தோரின் சொல் தட்டாதவர். எல்லாரோடையும் இனிமையாப் பழகுபவர். அவருடைய நன்னடத்தைக்கு நான் உத்தரவாதம். அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்."

"நண்டு எங்கை?"

"நண்டு இல்லை. வாடிகூட இல்லை, 'நிறுவனம்' எண்டு கிடக்கு." சிஸ்ரர் தாளை மடித்தார். "இதைக் கலியாணம் பேச வாற ஆக்களுக்குக் குடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிறதெண்டால் எனக்குத் தெரியாது."

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கடிதம் கேட்டால் நற்சான்றுதான் கொடுப்பார்கள். பாதரும் அதிபரும் கிராம சேவையாளரும் ஒரே மாதிரித்தான் எழுதுவார்கள். யாருக்கு எழுதினாலும் பேரை மட்டும் மாற்றுவார்கள். மாஸ்ரர் என் கடிதத்தை மொழிபெயர்க்கவில்லை. அது குறைபாடான நற்சான்று என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாடியில் வைத்துக் கேட்டாள். "கடிதம் போச்சோ?"

"இல்லை. மாஸ்ரர் பிழையா எழுதிப்போட்டார்."

"எப்பிடிப் பிழை?"

"உன்னைப் பணிவான பிள்ளை எண்டு எழுதியிருக்கிறார்."

அவளுக்கு முகம் கறுத்தது. "அப்ப நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"உள்ளது."

"அன்ரி, அவர் எழுதினதை அனுப்புங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் யாரையும் கும்பிட்டதை நான் அதுவரை கண்டதில்லை. ஐஸ் வண்டி வந்தது, இறக்கப் போனேன்.

அன்று பின்னேரம் கோட்டடிக்குப் போனேன். நான்கு பேர் வாசலில் நின்றார்கள். இரண்டு தாளையும் மேசையில் வைத்தேன்.

"உது நான் எழுதினதில்லை."

"நீர் எழுதினதை அப்பிடியே மாத்தி அனுப்பினால் அந்தப் பிள்ளையின்ரை வாழ்க்கை பாழ். உமக்கு உந்தப் பிள்ளையிலை என்ன வன்மம்?"

"வன்மம் இல்லை. கோவம் இருக்கு. அதை எழுதியிருக்கிறன்."

"கோவத்தைச் சிபாரிசிலை எழுதிறதோ? ஆரும் எழுதுவினமோ?"

"கீழை முத்திரைக்கு மேலை என்ன போட்டிருக்கிறீங்கள்?"

அவர் பார்க்கவில்லை. நான் சிஸ்ரரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். "எனக்குக் காட்டப்பட்ட தமிழ் மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு. அதுதானே? இதிலை உண்மை எங்கை, மாஸ்ரர்? என்ரை தமிழ்க் கடிதமும் சேர்ந்துதான் அங்கை போகும். தமிழ் தெரிஞ்ச ஒராள் அங்கை இல்லையோ?"

வாசலில் நின்றவர்களில் ஒருவர் தன் பிறப்புப் பத்திரத்தை எடுத்து வைத்து வாசிக்கத் தொடங்கினார். மாஸ்ரருக்குக் கோபம் ஏறியது.

"நாப்பது வருசம் படிப்பிச்சனான். நண்டுக்காரி எனக்கு இங்கிலிஸ் சொல்லித் தாறாவோ?"

"இங்கிலிஸ் உங்கடை. கடிதம் என்ரை."

நான் போகவில்லை. வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். கடைசியில் அவர் புதுத் தாள் எடுத்தார். எழுதிய ஒவ்வொரு வசனத்தையும் திரும்பத் தமிழில் சொல்லச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாக வந்தன. "பிடிவாதமும் வாய்த்துடுக்கும் உள்ளவராயினும்..." என்று தொடங்கினார்.

"நான் அங்கை நிப்பாட்டினனான். நீங்களும் நிப்பாட்டுங்கோ."

"ஒரு சொல்லிலை வசனம் வராது. சின்னப்பிள்ளை எழுதினது போலைக் கிடக்கும்."

"ரண்டு சொல் போடுங்கோ. ஆனால் நிப்பாட்டுங்கோ."

பிடிவாதத்துக்கு மன உறுதி என்ற சொல்லைப் போட்டார். அது புகழ்ச்சி, அந்த இடத்தில் நான் அவளைப் புகழவில்லை என்றேன். வெட்டினார். 'சினை நண்டு' என்றதை வெறும் நண்டு என்று விட்டார். முட்டை சுமக்கிற நண்டு என்று தெரியாவிட்டால் அவள் கூடையைக் கொட்டினது விசர் வேலையாகத்தான் தெரியும் என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினார். வாடிக்கு இங்கிலிசில் சரியான சொல் இல்லை என்று அந்தச் சொல்லையே வைத்து, மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று கீழே ஒரு வரி விளக்கம் போட்டார். தன் பேச்சைக் கடிதத்துக்குள் வைக்கக் கூடாது, கீழே வைக்கலாம் என்று அவரே சொன்னார். அப்படியென்றால் முறை அவருக்கு முதலே தெரியும்.

பதினோராவதில் பேனையை வைத்தார்.

"இதை மட்டும் விடுவம். 'எனக்கு அவளில் விருப்பம் இல்லை.' இதை எழுதி என்ன காணப் போறீர்?"

நான் யோசித்தேன். அவள் கும்பிட்டது நினைவுக்கு வந்தது. விடலாம் என்றுதான் முதலில் பட்டது. ஒரு வசனம்தானே.

"அடுத்ததை வாசியுங்கோ" என்றேன்.

"அவள் எழுதின அளவில் ஒரு பிழையும் இல்லை."

"விருப்பமான ஆள் இதைச் சொன்னால் ஆர் நம்புவினம்?"

அவர் பேனையை எடுத்தார். எழுதினார். பழைய இரண்டு தாளையும் கிழித்தார். ஒரு பக்கத்தை என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்காட்டில் என்ரை வாசலுக்கு வரக்கூடாது."

"கிடைச்சாலும் வரமாட்டன்" என்றேன்.

வியாழக்கிழமை சிஸ்ரரிடம் ஒருமுறை வாசிப்பித்தேன். "இப்ப நீர்தான் கதைக்கிறீர்" என்றார். கொம்யூனிகேஷன் கடையில் இரண்டையும் ஸ்கான் பண்ணி ஒன்றாக அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளையிடம் "போயிட்டுது" என்று மட்டும் சொன்னேன். எந்தக் கடிதம் என்று கேட்டாள். சொல்லவில்லை. அதன் பிறகு வேலையைத் தவிர வேறு ஒன்றும் என்னோடு கதைக்கவில்லை. ஏழு கிழமை. நான் பிழை விட்டுவிட்டேனோ என்று அந்த ஏழு கிழமையும் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் கத்தினாள்.

"கூடையைக் கொட்டினதை எழுதினனீங்களோ?"

"ஓம்."

"நேற்று வீடியோவிலை நேர்முகம். மூண்டு பேர். என்னத்தைப் படிக்கப் போறாய் எண்டு ஒரு கேள்விதான். மிச்சம் முழுக்க அந்தக் கூடை. ஏன் கொட்டினாய், எத்தினை நண்டு, நிப்பாட்டின பிறகு ஏன் திரும்பிப் போனாய், அளவு சிறுத்தது உண்மையோ, காட்டு எண்டு. கொப்பியைக் கமெராவுக்கு முன்னாலை பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதுக்குள்ளை ஒருத்தி சொல்லுறாள், ஒரு பருவத்து அளவை வைச்சு முடிவெடுக்கேலாதெண்டு. நான் விடேல்லை. ரண்டு வருச அளவு எண்டு சண்டை பிடிச்சனான்."

"பிறகு?"

"இண்டைக்கு விடிய மெயில் வந்தது. எடுத்திட்டினம்."

நண்டு கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"என்னைக் கேக்காமல் எழுதினதுக்கு நான் உங்களை மன்னிக்க மாட்டன்" என்றாள்.

"வேண்டாம்."

"அவை எடுக்காமல் விட்டிருந்தால்?"

"நான் எழுதினது பிழையாகியிராது. ஆனால் எனக்கு நித்திரை வந்திராது."

அவள் பையை இறக்கித் திறந்தாள். படகு ஒன்று கரைக்கு வந்தது. அடுத்த மாதம் மூன்றாம் திகதியோடு வேலையை விடுவதாக ஒரு கடிதம் நீட்டினாள். தமிழில், கையால் எழுதியிருந்தாள். நான்கு வரி. நன்றி என்ற சொல் அதில் இல்லை. வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்து வைத்துக்கொண்டேன்.