பெற்றோருக்கு எழுதிய பலகை

ஹஸீனா பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூர்த் தேக்காவில் அப்துல் முத்தலிப்பின் எழுதுபொருள் கடையில் வேலை செய்கிறாள். நவம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் வாசல் பலகையில் விளம்பரம் எழுதுவது அவள் பொறுப்பு. போன வருடம் "குட்டீஸ், ஓடி வாங்க!" என்று எழுதியிருந்தாள். பிள்ளைகளும் ஓடித்தான் வந்தார்கள். மினுமினுக்கும் பென்சில் பெட்டிகளை அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, பெற்றோர் பள்ளி கேட்ட பொருள்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் வாங்காமலே அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த முறை பெரியவர்களிடம் பேசு என்றார் முதலாளி. "முதல் நாளிலேயே உங்கள் பிள்ளை முந்தட்டும்" என்று ஒரு வரியும் சொன்னார். ஹஸீனாவுக்கு அது பிடிக்கவில்லை. ஏற்கெனவே பயந்துபோய் வருகிறவர்களை இன்னும் பயமுறுத்துவானேன் என்று கேட்டாள். அப்படியானால் நீயே யோசி என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஈசூனிலிருந்து ரயில் ஏறினாள். காத்தீப் தாண்டியதும் ஜன்னல் முழுக்க மரங்கள். மழை முடிந்த ஈரத்தில் பச்சை நிறம் கண்ணாடியில் கரைந்து வழிந்தது. அந்தப் பச்சைக்குள் யாரோ ஒரு தாய் வேலை முடிந்து வந்து, காலணியைக் கூடக் கழற்றாமல், 2பி பென்சிலா எச்பி பென்சிலா என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ரயில் மாற வேண்டிய நியூட்டனில் இறங்க மறந்து அடுத்த நிலையம் வரை போய்விட்டாள்.

கடைக்கு வந்ததும் எழுதினாள்:

"பட்டியலைக் கொடுங்கள். பென்சில், கோப்பு, பெயர் ஒட்டி எல்லாம் எடுத்து வைக்கிறோம். பாடப்புத்தகங்களைக் கொண்டு வந்தால் அட்டையும் போட்டு மறுநாள் தருகிறோம். மாலை நேரம் உங்கள் பிள்ளைக்கு."

மூன்றாம் நாள் மோகனப்பிரியா என்ற பெண் வந்தாள். மகள் ஜனவரியில் தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறாளாம். பலகையை இரண்டு முறை படித்துவிட்டுப் பட்டியலை நீட்டினாள்.

"அக்கா, மத்ததெல்லாம் நீங்களே எடுத்து வெச்சிருங்க. கவர் மட்டும் வேணாம். அத நானும் அவளும் உக்காந்து போடறோம்."

"ஏன்மா, நாங்க போட்டுத் தர்றமே."

"மாலை நேரம் பிள்ளைக்குன்னு போட்டிருக்கீங்க லா. அந்த நேரத்துல நாங்க செய்யறதுக்கு இதுதான் இருக்கு."

வேலையைக் குறைப்பதாக நினைத்து, ஒரு தாயின் கையிலிருந்து எதையோ வாங்கப் பார்த்திருக்கிறோம் என்று ஹஸீனாவுக்குத் தோன்றியது. பிறகு பிளாஸ்டிக் சுருளை எடுத்து, அவள் சொன்ன புத்தக அளவுகளுக்கு, மடிக்க இரண்டு விரல் இடம் விட்டு, வெட்டிக் கொடுத்தாள்.

அன்று மாலையே பலகையில் கடைசி வரிக்கு மேல் ஒரு வரி சேர்த்தாள்: "அட்டை நீங்களே போடுவதானால், அளவாக வெட்டித் தருகிறோம்."

முதலாளி படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த டிசம்பரில் பாதிப் பேர் வெட்டியதைத்தான் வாங்கிப் போனார்கள். ஹஸீனாவின் கத்தரிக்கோல் ஓயவில்லை.