ஆறு ஜாடியும் ஆறு அட்டைப்பெட்டியும்

சாம்ராஜ் அண்ணனைப் பற்றிக் கேட்டால், கண் கூர்மையான மனுஷன், கல்நெஞ்சன் என்றுதான் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் சொல்வார்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி என்னால் வந்த பேச்சு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சுரங்கத்தில் பத்து வருஷம் கல் உடைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். பிறகு இரக்கப்பட்டு மேலே டோக்கன் அறையில் போட்டார்கள். இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. ஏறி வந்ததும் அதை ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்ப்பார், அப்புறம் மொத்தத்தையும் கூட்டிப் பார்ப்பார். 1962இல் பாறை வெடித்த அன்று, எங்கள் தொழிலாளர் லைனில் இருந்த லூயிசா என்பவளின் புருஷன் முன்னாடியே வீட்டுக்குப் போய்விட்டான் என்று மேஸ்திரி சாதித்தான். ஒரு ஆணி காலியாக இருக்கிறது, ஆள் உள்ளேதான் இருக்கிறான் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். தோண்டினார்கள், உடம்பாவது கிடைத்தது. லூயிசா அதை மறக்கவில்லை. அந்தத் துக்கத்தோடு சாம்பியன் ரீப்ஸ் லைன் முனையில் ஒரு சின்னக் கடை வைத்தாள். சோப்பு, சீப்பு, பவுடர், முகத்துக்குப் பூசுகிற ஸ்நோ.

அண்ணன் வேலையிலிருந்து நின்றபின், பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் 'சந்திரகலா ஸ்நோ' ஏஜென்ட் கிடங்கில் அவருக்குப் போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கிற வேலையும் ஒரு மேஜையும் கிடைத்தன. அந்த வருஷம் போலி ஸ்நோ ஊரெல்லாம் பரவி, பெண்களின் முகம் வெந்துபோயிருந்தது. சந்தேகப்பட்ட சரக்கைக் கம்பெனி ஆள் எடுத்துவருவான். நான் அதைப் படம் பிடிப்பேன். சரக்கு பெங்களூர் கம்பெனிக்குப் போகும், படம் அண்ணன் மேஜைக்குப் போகும். ஸ்டுடியோ வைத்திருக்கிற எனக்கு அதில் நிலையான வேலை.

அவர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். அசல் லேபிளை ஒரு அட்டையில் ஒட்டி முன்னால் வைத்திருப்பார். பூதக்கண்ணாடியை முதலில் எழுத்தின் மேல் நகர்த்துவார். கம்பெனி லேபிளில் இங்கிலீஷ் 'ஆர்' எழுத்துக்குக் கால் நீளம், நம்மூர் அச்சகத்தில் அந்த எழுத்து கிடையாது, போலிக்காரன் கைக்குக் கிடைத்ததைக் கோர்த்திருப்பான். அடுத்து ஸ்டியரிக் ஆசிட், கிளிசரின் என்று சேர்மானப் பட்டியலை எழுத்தெழுத்தாக வாய்க்குள் படிப்பார். அங்கே பாதிப் போலி மாட்டிக்கொள்ளும். கடைசியாக, எந்தத் தடவை தயாரித்த சரக்கு என்று காட்டுகிற பேட்ச் எண். ஜாடியின் அடியிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எழுத்தும் பட்டியலும் சரியாக இருந்து எண் மட்டும் ஒட்டாவிட்டால் அதுதான் மோசமான போலி. பழைய சாமான்காரனிடம் காலி ஜாடியும் காலிப் பெட்டியும் தனித்தனியாக வாங்கி, உள்ளே கண்டதை நிரப்பி விற்பார்கள். அதற்குத் தனிச் சிவப்பு முத்திரை வைத்திருந்தார்.

1972 ஆடி மாதம் யாரோ பொறாமையில் லூயிசா கடை மேல் புகார் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு ஸ்நோ என் ஸ்டுடியோவுக்கு வந்தது. எல்லாம் பெட்டிக்குள் இருந்தன, பெட்டியெல்லாம் லைன் புழுதி. எனக்குப் படம் பளிச்சென்று வர வேண்டும். கல்யாணப் படத்துக்கு மாப்பிள்ளை முகத்தைத் துடைக்கிற பழக்கம்தான். பன்னிரண்டு ஜாடியையும் ஒரே மூச்சில் வெளியே எடுத்தேன். துடைத்தேன். பிறகு கைக்கு வந்த ஜாடியை, கைக்கு வந்த பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, ஜோடி ஜோடியாகப் படம் எடுத்தேன். என்ன அழகாக வந்திருந்தது தெரியுமா? அன்று சாயங்காலம் வரை அதே பெருமையில் இருந்தேன்.

மறுநாள் அண்ணன் படங்களோடு ஸ்டுடியோ படி ஏறி வந்தார். முகம் சரியில்லை. எழுத்தும் பட்டியலும் அசல், ஆறு ஜோடியில் எண் மட்டும் ஒட்டவில்லை என்றார். சரக்கையே கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம், அது காலையிலேயே ரயில் ஏறிவிட்டதாம்.

"ஆர்தர், ஒண்ணே ஒண்ணு சொல்லு. எந்தப் பெட்டில எது இருந்துச்சோ அதையேதான் பக்கத்துல வெச்சியா?"

ஜாடியை மாற்றி வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை என்றால், தொழில் தெரியாதவன் என்று ஏஜென்ட் என்னை விரட்டிவிடுவான். ஆறு ஜாடிதானே, பெங்களூரில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"வந்தது வந்தபடியேதாண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை நம்பினார். போய்ச் சிவப்பு முத்திரையைக் குத்தினார். பெங்களூரில் ஒருவனும் ஜாடியைத் திறக்கவில்லை. முத்திரை இருந்தால் திறப்பானேன்? மூட்டையோடு குழியில் கொட்டிவிட்டார்கள்.

போலி விற்ற கடை என்று லூயிசா கடை வாசலில் கம்பெனி ஆள் நோட்டீஸ் ஒட்டினான். முகம் வெந்த பெண்கள் இரண்டு பேர் வந்து லூயிசாவின் பலகைகளை உடைத்தார்கள். அவர்கள் இவளிடம் வாங்கியவர்களே இல்லை. மற்ற ஏஜென்டுகளும் சோப்புக்கூடத் தரமாட்டோம் என்றார்கள். அவள் சாம்ராஜ் அண்ணன் வீட்டுக்கு நேரே போய்க் கேட்டாளாம்.

"அன்னிக்கி என் வூட்டுக்காரரு உள்ள கீறாருன்னு சொன்னது உங்க நம்பருதான். அதே நம்பரு இன்னிக்கி என்னத் திருடின்னு சொல்லுதாண்ணே?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டாராம். கல்நெஞ்சன் என்ற பெயர் அன்றுதான் வந்தது.

எட்டு நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு மறுபடி வந்தார். மூச்சு இரைத்தது. என் கவுண்டர் மேல் படங்களைப் பரப்பினார்.

"எண்ணிப் பாரு. கே எழுபத்தொண்ணு ஜாடி ஆறு, பெட்டியும் ஆறு. கே எம்பத்துநாலு ஜாடி ஆறு, பெட்டியும் ஆறு. மொத்தத்துல எதுவும் குறையல, மாத்தி நிக்குது, அவ்ளோதான். குப்பைல பொறுக்கின காலிப்பெட்டி இப்பிடி எண்ணி வெச்சாப்புல வருமா? டோக்கன் ரூம்ல தினம் மொத்தம் கூட்டினவன் நானு. இங்க கூட்டல."

அவ்வளவுதான் சொன்னார். யார் மாற்றி வைத்தது என்று கேட்கவில்லை. ஆனால் என் துடைக்கும் துணி ஆணியில் தொங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அவர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலை ஏஜென்ட் என்னிடம் காட்டிச் சிரித்தான். 'சரக்கு அசல், பார்த்ததில் தவறியது நான்' என்று மூன்று வரி. என் பெயர் அதில் இல்லை. கம்பெனி நோட்டீஸைத் திரும்ப எடுக்கவில்லை, அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்துச் செத்தார். அடக்கத்துக்கு லைனில் பாதிப்பேர் வரவில்லை. லூயிசாவும் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். பெங்களூரில் ஒரு வீட்டில் சமையல் வேலையாம், அடையாளச் சீட்டுக்குப் படம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அவளே பேச்சை எடுத்தாள்.

"உங்க படத்து மேல குத்தமில்ல ஆர்தர் அண்ணே. கண்ணாடி மாரி தெளிவா எடுத்திருந்தீங்களாம், எல்லாரும் சொல்றாங்க. பாத்த கண்ணுலதான் குத்தம்."

மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளம்மா என்றேன். தூக்கிக்கொண்டாள். படம் பளிச்சென்று வந்தது.