பஞ்சர் அட்டை

தர்மபுரியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த யாகப்பன், 1986இல் பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் லாரிப் பந்தயப் பகடை விளையாட்டுக்கான விதிகளைத் தமிழாக்கினார். தம் தமிழில் அவருக்கு அபார நம்பிக்கை. இருந்தாலும் அச்சுக்குப் போகுமுன் தொப்பூர் ஓட்டல் ஒன்றில், சாப்பிட வந்த இரண்டு லாரி டிரைவர்களிடம் கொடுத்து விளையாடச் சொன்னார்.

அவர்களில் ஒருவரான மாது ஓர் அட்டையை எடுத்தார். "டயர் பஞ்சர். ஒரு முறை விடவும்" என்று இருந்தது. உடனே பகடையை மறுபடி உருட்டினார்.

எதிரே இருந்த பெரியண்ணன் அவர் கையைப் பிடித்தார். "யோவ், ஆட்டத்த வுட்டுக்குடுன்னு போட்டிருக்குது!"

"வண்டிய வுடுன்னு போட்டிருக்குது. வுட்டேன்."

"பஞ்சரான வண்டிய எப்பிடிய்யா வுடுவ?"

"ஸ்டெப்னி டயர் எதுக்கு வெச்சிருக்கறோம்?"

இருவரும் யாகப்பனைப் பார்த்தார்கள். இரண்டு அர்த்தமும் சரிதான்.

அங்கேயே அடித்துத் திருத்தினார்: "உங்கள் அடுத்த முறை வரும்போது பகடையை உருட்டாமல், உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பவரிடம் கொடுங்கள்."

மாது நிதானமாகப் படித்தார். "அடுத்த தடவதானே? அப்ப இந்தத் தடவ உருட்டுனது செல்லுமுங்களா?"

"செல்லாதுங்க. அட்ட எடுத்ததோட உங்க முறை முடிஞ்சுது."

"அத எங்க எழுதியிருக்கறீங்க?"

யாகப்பன் அதையும் எழுதினார். இப்போது அட்டையில் இடம் போதவில்லை. அதிலிருந்த பஞ்சரான லாரியின் படத்தை எடுத்துவிடச் சொல்லி அச்சகத்துக்குப் போன் செய்தார்.