அறிவுச்செல்வியின் வராதோர் விகிதம்

நாமக்கல் பரமத்தி சாலையில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. அங்கே தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு துண்டுச் சீட்டு கைமாறும். கொடுப்பவர் அறிவுச்செல்வி, வயது நாற்பத்திரண்டு, அப்பாயின்ட்மென்ட் எழுதும் நாற்காலி அவருடையது. வாங்குபவர் வரவேற்பு மேலாளர் நந்தகுமார். சொன்ன நேரத்துக்கு வண்டி வராத லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடம் ஓட்டிவிட்டு, சொன்ன நேரத்துக்கு ஆள் வரவேண்டிய இந்தத் தொழிலுக்கு வந்தவர்.

சீட்டில் இருப்பது ஒரே ஒரு எண். முந்தின நாள் நேரம் வாங்கிவிட்டு வராமல் போனவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது. கிளினிக்கில் அதற்கு நோ-ஷோ என்று பெயர்.

இந்த எண்ணுக்கு அறிவுச்செல்வியைவிடப் பொருத்தமான ஆள் ஜில்லாவில் கிடையாது. இதற்கு முன் பதினோரு வருடம் ஒரு கோழிப்பண்ணையின் முட்டைக் குடோனில் தினசரி உடைசல் சதவீதம் எழுதியவர். முப்பது குழி அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தால் அங்கே எலுமிச்சம்பழத்தை வைத்து முப்பது என்று எழுத அவருக்குக் கை வராது. முட்டை வாசனை போக ஒரு வருடம் ஆயிற்று. அந்தக் குடோனுக்குத் திரும்பிப் போவதில்லை என்று குலதெய்வத்திடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மற்றபடி அவர் தெய்வத்தைத் தொந்தரவு செய்கிறவர் அல்ல.

அவருடைய விதிகள் மூன்று. முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வரமாட்டேன் என்று சொன்னவர் கணக்கிலேயே சேரமாட்டார். அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். தாமதமாக வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டவர் வந்தவர். மிச்சமுள்ள எல்லோரும் வராதவர்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைச் சீட்டில் இருபத்தேழு என்று இருந்தது. இருபத்து நான்கு பேருக்கு நேரம், இரண்டு பேர் முன்கூட்டியே ரத்து, மீதி இருபத்திரண்டில் ஆறு பேர் வரவில்லை. டாக்டர் தீபிகா அதைப் பார்த்தார். சேலத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வந்து, நாலு மணி முதல் எட்டு மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒருவராகப் பார்ப்பவர் அவர்.

“நான் சேலத்துல இருந்து வந்துடறேன். நாமக்கல்ல இருக்கறவங்க நாமக்கல்லுக்கு வர முடியல,” என்றார். “இந்த மாசம் கடைசி வாரத்துக் கணக்கு பதினஞ்சுக்கு மேல போச்சுன்னா அப்பாயின்ட்மென்டே வேண்டாம். டோக்கன் வெச்சுடலாம். மெடிக்கல் கவுன்ட்டர்லயே கிழிச்சுக் கொடுத்துடுவாங்க.”

டோக்கன் வந்தால் நாற்காலி போகும். நாற்காலி போனால் குடோன். அறிவுச்செல்வி தன் முழங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

நந்தகுமார் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தின நாள் எல்லோருக்கும் போன் போட வேண்டும்; என்ன பேச வேண்டும் என்பதையும் அவரே எழுதிக் கொடுத்தார். மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த நடை கையை விட்டுப் போகவில்லை.

“நாளைக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்குதுங்க. தவறாம வந்துருங்க. வராம இருந்தா எங்களுக்குச் சங்கடமுங்க. ஊட்ல இருந்து ஒருத்தராச்சும் வந்து சிறப்பிச்சுக் குடுக்கோணும்.”

அறிவுச்செல்வி கடைசி வரியில் சற்றுத் தயங்கினார். “சார், சிறப்பிக்கோணுமுங்களா?”

“எழுதிக் குடுத்ததைப் படிங்க. மரியாதையாச் சொன்னாத்தான் சனம் வரும்.”

சனம் வந்தது.

முதலில் வந்தவர் வேலுசாமி என்பவரின் மச்சான். “மாமன் தீவனம் எறக்கிட்டு இருக்காருங்க. ஊட்டுக்கு ஒருத்தரு வரச் சொன்னீங்களாம், அதான் நான் வந்தனுங்க” என்று உட்கார்ந்தார். அடுத்து ஒரு மருமகள், பிறகு ஒரு பங்காளி. ஒருவர் வெற்றிலை பாக்குடன் வந்து, “எங்கீங்க கையெழுத்துப் போடறது?” என்று கேட்டார். இன்னொருவர் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து சர்க்கரை டாக்டரின் மேஜைமேல் வைத்தார். அழைப்பு என்று வந்துவிட்டால் வீட்டின் சார்பில் ஒரு முகம் தெரிய வேண்டும், அது யார் முகமாக இருந்தால் என்ன என்பதில் எல்லோரும் ஒரே மனதாக இருந்தார்கள். டாக்டரும் விஷயம் புரியாமல் முதல் இரண்டு பேருக்கு மாமன் பெயரில் பிரஷர் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலைச் சீட்டில் நாற்பத்தைந்து என்று இருந்தது.

“ஏனுங்க அறிவு, கண்ணு கிண்ணு தெரியலையா? நேத்து நிக்க எடமில்லை!”

“இருபத்திரண்டு பேருக்கு நேரமுங்க சார். நோயாளி வந்தது பன்னெண்டு. பதிலாளு எட்டு. ஆருமே வராதது ரெண்டு.”

“அப்ப வராதது ரெண்டுதான? ஒம்பது சதவீதம்னு போடுங்க!”

“மச்சானுக்கு மாத்திரை குடுத்தா மாமனுக்குச் சர்க்கரை எறங்குமுங்களா?”

நந்தகுமார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது. அங்கே ஒன்பது என்று எழுதி டாக்டரிடம் கொண்டுபோனார். டாக்டர் முன்பக்கத்தையும் பார்த்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதுவரை வந்துகொண்டிருந்த சிலரும் இப்போது நிம்மதியாக வராமல் இருந்தார்கள். முன்பெல்லாம் வராவிட்டால் மனம் உறுத்தும். ஆளனுப்பிவிட்டால் உறுத்த என்ன இருக்கிறது?

இதற்கிடையில் செல்லாயி வந்தார். கணவர் சுப்பையன் ஐந்து முறை நேரம் வாங்கி ஐந்து முறையும் வராதவர். முட்டை லாரிக்கு லோடு ஏற்றிவிடுகிற மேஸ்திரி. ஆறாவது முறைக்குப் பதிலாளாக வந்த செல்லாயியின் கையில் டாக்டர் பட்டையைச் சுற்றினார். நூற்றெண்பது.

“எனக்கு எதுக்குங்க? நான் அவருக்காக வந்தவ.”

“அம்மா, இது உங்க கை. உங்க பிரஷர்.”

செல்லாயியின் பெயரில் புதுக் கோப்பு திறக்கப்பட்டது. அறிவுச்செல்வி அன்று சுப்பையனை வராதவர் பட்டியலில் எழுதினார். நேரம் வாங்காமல் வந்து பார்த்துக்கொண்ட செல்லாயி, விகிதத்தில் எங்குமே வரவில்லை. உண்மையில் நோயுள்ள ஒருவர் கிடைத்த நாளில் எண் மோசமானதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் அறிவுச்செல்வி நந்தகுமாரின் தாளை மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆடுவது நின்றது. பிறகு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“நாளைக்கு ஆரு வர்றீங்க?”

“எனக்குத் தோதுப்படாதுங்க. தம்பி வருவான்.”

“அப்ப உங்க நேரத்தை ரத்துப் பண்ணிக்கறனுங்க, உங்களுக்கு வேற நாள் தர்றேன். அந்த நேரத்தைத் தம்பி பேருக்கே எழுதட்டுங்களா? அவருக்கும் நாப்பது ஆச்சுல்ல, பாத்துக்கட்டும்.”

வராதவர் முந்தின நாளே ரத்தானார். வருகிறவர் தன் பெயரிலேயே வந்தார். எலுமிச்சம்பழம் ஒன்றுகூட வைக்காமல் அட்டை நிறைய ஆரம்பித்தது. நாற்பத்தைந்து முப்பதாகி, இருபதாகியது. நந்தகுமார் இதைத் தன் போன் திட்டத்தின் வெற்றி என்று டாக்டரிடம் சொன்னார். அறிவுச்செல்வி மறுக்கவில்லை. மேஜை ஆடாமல் இருக்க அந்தத் திட்டம் உதவியது உண்மைதானே.

கடைசி வாரம் வந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை நூற்றுப்பத்துப் பேர் வரவேண்டும், பதினைந்து பேர் வரவில்லை. சனிக்கிழமை இருபத்திரண்டு பேர். மொத்தம் நூற்று முப்பத்திரண்டில் பத்தொன்பது பேர் வராவிட்டால் பதினான்கு சொச்சம். இருபதாவது ஆள் வராவிட்டால் பதினைந்தைத் தாண்டிவிடும். ஆக, சனிக்கிழமை நான்கு பேர் வரை வராமல் இருக்கலாம்.

ஏழரை மணிக்குள் மூன்று பேர் வரவில்லை. நான்காவது, ஐந்தரை மணிக்கு வந்திருக்க வேண்டிய சுப்பையன். கடைசி நேரமான ஏழு ஐம்பது செல்லாயியுடையது. முந்தின நாள் போனில், “ரெண்டு பேருமே வாரமுங்க” என்று சுப்பையன் உறுதியாகச் சொல்லியிருந்தார்.

நந்தகுமார் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். “அந்தம்மா வந்துரும். பிரஷர் இருக்கறவங்க வராம இருப்பாங்களா?”

ஏழு ஐம்பதுக்கு வாசலில் ஒரு மொபெட் நின்றது. சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்த ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“செல்லாயி ஊட்ல இருந்து வாரனுங்க.”

அறிவுச்செல்வி பேனாவை வைத்தார். “அவங்க வரலீங்களா?”

“எடப்பாடியில ஒரு காதுகுத்துங்க. ஊட்டுக்கு ஒருத்தரு போகோணுமில்ல? அவ அங்க போயிட்டா. அதான் அவளுக்குப் பதிலா நான் இங்க வந்தேன். ஊட்ல இருக்கறதே ரெண்டு பேருங்க, எத்தனை எடத்துக்குத்தான் போறது?”

இருபது. நந்தகுமார் நாற்காலியில் சரிந்தார். “அறிவு, நீங்க இப்பவாச்சும்...”

“செல்லாயி வரலீங்க சார். வராதவங்கதான்.” செல்லாயியின் பெயரை வராதவர் பட்டியலில் எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். “உங்க பேரு என்னங்க?”

“சுப்பையனுங்க.”

கிளினிக்கில் அவரை யாரும் இதுவரை பார்த்ததில்லை. நந்தகுமார் அவரைத் தொட்டே பார்த்தார்.

“அஞ்சரைக்கு உங்களுக்கு நேரம் இருந்துதுங்களே?”

“லோடு ஏத்தறதுல தப்பிப் போச்சுங்க. அது போனா போகட்டும். நான் இப்ப அவளுக்காக வந்தவன். எனக்குன்னு உள்ள போனா நாயமா இருக்குமுங்களா?”

“உள்ள போங்கய்யா!” என்றார் நந்தகுமார்.

“அல்லங்க, முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?”

டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு அறைவாசலில் நின்றார். மணி ஏழு ஐம்பத்தாறு. அறிவுச்செல்வி சுப்பையனிடம் மரியாதையாகக் கேட்டார்.

“அஞ்சரை மணிக்கு உங்களுக்குப் பதிலா ஆரையாச்சும் அனுப்புனீங்களா?”

“இல்லீங்க,” என்றார் சுப்பையன். முதல்முறையாக அவர் முகத்தில் குற்ற உணர்வு தெரிந்தது. “அதுதான் தப்பாப் போச்சு. ஆளில்லை.”

“அப்ப சுப்பையன் ஊட்ல இருந்து ஒருத்தருமே வரலீங்களே.”

“ஆமாங்க...”

“நீங்க அந்த ஊடுதானுங்களே? இத்தனை தூரம் வந்துட்டீங்க. சுப்பையனுக்குப் பதிலாவும் நீங்களே போயிட்டு வந்துருங்களேன்.”

சுப்பையன் யோசித்தார். முறைப்படி அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

“அவுருக்கு ஆட்சேபணை இருக்காதுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவருக்குச் சர்க்கரை இருநூற்றெழுபது. வெளியே வந்தபோது, “பொண்டாட்டிக்கு என்னங்க சொல்றது?” என்று கேட்டார். திங்கட்கிழமை அவளே வரவேண்டும் என்று சொல்லச் சொன்னார் அறிவுச்செல்வி.

திங்கட்கிழமைக் காலைச் சீட்டில் வாரக் கணக்கு பதினான்கு புள்ளி நான்கு என்று இருந்தது. சுப்பையன் தாமதமாக வந்தவர், செல்லாயி வராதவர். நந்தகுமார் அந்தப் புள்ளி நான்கை எடுத்துவிடலாமே, பார்க்க அழகாக இருக்கும் என்றார். அறிவுச்செல்வி எடுக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, டோக்கன் பேச்சை எடுக்காமல் சீட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் நாலு பத்துக்கு, நேரம் தவறாமல் செல்லாயி வந்தார். கூடவே சுப்பையனும் வந்திருந்தார்.

“உங்களுக்கு இன்னைக்கு நேரமில்லீங்களே?” என்றார் அறிவுச்செல்வி.

“தெரியுமுங்க,” என்றார் சுப்பையன். “சனிக்கிழமை இவளுக்குப் பதிலா வந்தேனில்ல, ஆனா என்னைப் பாத்து அனுப்பிட்டீங்க. அந்த மொறை அப்படியே நிக்குதுங்களே. அதை முடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்.”