றொபேட்டின் போனில் இடம் பிறந்தது

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு அருகே போன் கடை நடத்தும் அன்ரனிட்டாவிடம், அனலைதீவுப் படகோட்டி றொபேட் வாடிய முகத்தோடு வந்தார். கனடாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. போனின் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் வீடியோ அழைப்பு எடுக்கலாம். புதுப்பிப்போ ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

"போன் பழுதோ, தங்கச்சி?"

"இல்லை அண்ணை, போனுக்குள்ள இடம் காணாது. இறக்கின புதுப்பிப்பை விரிச்சு நிறுவவும் வெறும் இடம் வேணும்."

இடத்தை அடைத்திருந்தவை அவர் எடுத்த கடல் வீடியோக்கள். அன்ரனிட்டா அவற்றைப் பென்டிரைவில் பிரதியெடுத்து, திறந்து சரிபார்த்த பிறகே போனிலிருந்தும் அதன் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள். சார்ஜரில் செருகிவிட்டுப் புதுப்பித்தாள். போன் அணைந்து, மீண்டும் எழுந்தது.

திரையில் பேத்தி கொட்டாவி விட்டாள். றொபேட் சிரித்த சிரிப்பில், படகுக்குக் காத்திருந்தவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வாங்கோ," என்றாள் அன்ரனிட்டா, தன் பேத்தியையே காட்டுகிறவள்போல.