மூலை உடைந்த முத்திரை

எண்பதுகளில் தர்மபுரி கடைவீதியில் எங்களுக்கு நான்கடி அகலத்தில் ஒரு நகைப் பட்டறை இருந்தது. என் வீட்டுக்காரர் நகை செய்வார், பற்ற வைப்பார். நான் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகைகளைக் கழுவித் துடைப்பேன். அவருக்குக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கியிருந்ததால் முத்திரை பார்க்கும் வேலையும் என்னிடம் வந்தது. விற்கும் கடைக்காரர் சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்துச் சின்னத் தகட்டில் தன் எழுத்துகளை அடித்திருப்பார். லென்ஸ் இல்லாமல் அது வெறும் கீறலாகத்தான் தெரியும்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரிப்பேருக்கு வரும் நகைகளின் முத்திரையை இளகிய அரக்கில் அழுத்தி எடுத்து, பக்கத்தில் ஊசியால் ஊர்ப் பெயரைக் கீறி வைப்பேன். ஒரு பிஸ்கட் டப்பா மூடி முழுக்க அதுதான். அவர் சிரிப்பார். "கோலம் போட எடமில்லாம அரக்குல போடறியா?" என்பார்.

ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பூர் கணவாயில் பஸ் கவிழ்ந்து இரண்டு நாளாகியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து ஒரு சங்கிலியையும் ஒற்றைக் கொலுசையும் வைத்தார். சங்கிலியில் சின்னச் சிலுவை தொங்கியது.

"ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு நெனவில்லாம கெடக்குதுங்க ஆசாரி. மொகமெல்லாம் கட்டு. தேடி ஒருத்தரும் வரல. சர்ச்சுல கேட்டா எங்க பங்கு ஆளு இல்லைங்கறாங்க. இது எந்தக் கடைன்னு சொன்னாக்கூடப் போதும்."

கொலுசைக் கழுவினேன். கொக்கியின் உள்பக்கம் மூன்று எழுத்து இருந்தது. படித்துச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "சேலத்துப் பட்டறை. ஊரூருக்கும் சரக்கு போடறவங்க. அத வெச்சு ஆளக் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

சங்கிலியில் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள். படித்துச் சொன்னேன். போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. "அட, நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை!" என்று எடுத்துக்கொண்டு ஓடினார். அரைமணி நேரத்தில் திரும்பினார். "எழுத்து அவங்களுதுதானாம். ஆனா அவங்க முத்திரை வட்டத்துக்குள்ள இருக்குமாம். இது கட்டம்."

நான் அரக்கு மூடியை எடுத்தேன். நகையில் குழிந்திருக்கும் எழுத்து அரக்கில் மேடாக, இடம் வலம் மாறி நிற்கும். ஆகவே சங்கிலியையும் ஒரு புது அரக்குத் துளியில் அழுத்தி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தேடி வந்து ஓரிடத்தில் நின்றேன். அதே எழுத்து, அதே கட்டம்.

"இங்க பாருங்க. கம்பைநல்லூர்."

என் வீட்டுக்காரர் லென்ஸை வாங்கிக் கண்ணைச் சுருக்கினார். "மூடில இருக்கறதுல நாலு மூலையும் இருக்குது. இதுல ஒண்ணு இல்லியே?"

"அச்சு அப்புறம் ஒடஞ்சிருக்கும்ங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. முத்திரையை மட்டும் நம்பாதவர் அவர். உரைகல்லில் ஒரு இழை உரசியும் பார்த்துக்கொண்டார். "தங்கமும் அந்தக் கடைத் தரந்தான். போய்க் கேளுங்க சார், மூல ஒடஞ்சதச் சொல்லிக் கேளுங்க" என்றார்.

மிச்சத்தைப் போலீஸ்காரரே பிறகு சொன்னார். கம்பைநல்லூர்க் கடைக்காரர் பார்த்ததுமே தலையாட்டினாராம். பொங்கல் கழித்து அச்சு கல்லில் விழுந்து மூலை போயிருக்கிறது. அதற்குப் பிறகு அடித்தது கொஞ்சம் நகைதான். அதில் சிலுவை கோத்துக் கேட்டவர் ஒரே ஒருவர், பக்கத்துக் கிராமத்து விவசாயி, மகளின் கல்யாணத்துக்காக.

சாயங்காலமே அந்த விவசாயி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். மறுநாள் எங்கள் பட்டறைக்கும் வந்தார். கசங்கிய வேட்டி, காலில் வயல் சேறு காய்ந்திருந்தது.

"சேலத்துல மாமியா வூட்டுக்குப் போயிட்டான்னு நாங்க இருந்தோம்ங்க. அவங்க, ஆத்தா வூட்டுலதான் இருக்கறான்னு இருந்திருக்காங்க. காலைல கண்ணத் தொறந்தா. அப்பான்னு கூப்பிட்டா."

பிறகு, "அந்தக் குறியை நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார். போலீஸ் திருப்பித் தந்த சங்கிலி அவர் மடியில் இருந்தது. லென்ஸைக் கையில் கொடுத்தேன். எப்படிப் பிடிப்பதென்று என் வீட்டுக்காரர் காட்டினார்.

"இத்தனூண்டா..." என்றார் அந்தத் தகப்பன். லென்ஸை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் தண்ணீர் சொட்டியது.

அந்தப் பெண் எழுந்து நடக்க மூன்று மாதம் ஆயிற்று. ஆடி மாதம் புருஷனோடு கடைக்கு வந்தாள். வலது காலை லேசாக இழுத்தாள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். வெகு நேரம் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். விபத்தைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.