ஆறு அழகான படங்கள்

பௌர்ணமி அன்று வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் போக நினைப்பவருக்குப் பொறுமை ஜாஸ்தியாக இருக்க வேண்டும், அல்லது வேலை கம்மியாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே இல்லை. கிரிவலக் கூட்டத்துக்காக வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். டாக்டர் என்று சொல்லிப் பார்த்தேன். "நடந்தே போங்க மேடம், புண்ணியம்" என்றார் போலீஸ்காரர். நான் நோயியல் டாக்டர். அதாவது, நோயாளியைப் பார்க்காமல் அவர் உடம்பிலிருந்து எடுத்ததை மட்டும் பார்க்கிற ஜாதி. எங்களுக்காக யாரும் தடுப்பை நகர்த்த மாட்டார்கள்.

ஆகவே வீட்டுக்குத் திரும்பி, காபி போட்டுக்கொண்டு, பன்னிரண்டு பெண்களின் பாப் ஸ்மியர்களைப் பார்த்து முடித்தேன். பார்த்தேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஸ்லைடுகள் ஊருக்குள் லேப்பில் இருந்தன, அங்கிருந்து போனில் வந்த படங்களைப் பார்த்தேன்.

கர்ப்பப்பை வாயிலிருந்து மெல்லச் சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றுவதுதான் பாப் ஸ்மியர். அங்கே புற்றுநோய் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. பல வருஷம் முன்னாலேயே செல்கள் கெட ஆரம்பிக்கும். கெட்டதை அப்போதே கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். கண்டுபிடிக்க ஒரே வழி, மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஏர் ஓட்டுகிற மாதிரி, ஒரு சால் விடாமல் பார்ப்பது. ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். கெட்டது பத்துப் பதினைந்துதான் இருக்கலாம்.

கோவிலுக்கு வடக்கே ஒரு சந்தில் லேப் வைத்திருப்பவர் இதையெல்லாம் கடந்துவிட்டார். முதலாளியும் அவரே, டெக்னீசியனும் அவரே. மைக்ராஸ்கோப்பில் கேமரா பொருத்திய நாளிலிருந்து, "நம்மளுது டிஜிட்டல் லேப் டாக்டர்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்லைடுக்கு ஆறு படம் அனுப்புவார். படம் என்றால் படம்! ரத்தம் இருக்காது, சளி இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய செல் இருக்காது. ரோஜா நிறத்திலும் நீலப்பச்சையிலும் செல்கள் தனித்தனியே, கல்யாண ஆல்பத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கும். போதாததற்கு வெளிச்சத்தை வேறு கூட்டிவிடுவார். அழகில்லாத செல்லைப் படம் பிடிக்க அந்த மனிதருக்கு மனசே வராது.

இதில் அவரை மட்டும் கேலி செய்தால் அது அயோக்கியத்தனம். அந்தப் படங்களைப் பார்த்து வரிசையாகப் பன்னிரண்டு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டது நான். படித்தவள், கண்ணாடி போட்டவள், மாணவர்களுக்கு 'ஸ்லைடின் ஓரத்தைப் பார்' என்று தொண்டை வறள வகுப்பு எடுத்தவள்.

பன்னிரண்டும் 'நில்ம்'. எங்கள் ரிப்போர்ட்டில் சில பிரிவுகள்தான் உண்டு. கெட்ட செல் எதுவும் தென்படவில்லை என்றால் நில்ம். ஒன்றுமில்லை என்று சொல்கிற அந்தப் பெயரை விரித்து எழுதும்போதே புற்று என்கிற சொல் வந்துவிடும். அதை மட்டும் படித்துவிட்டு லேப் வாசலிலேயே அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்றால் 'அஸ்கஸ்'. டாக்டர்கள் கௌரவமாகக் கையை விரிப்பதற்கு வைத்த பெயர். லேசான மாற்றம் 'எல்சில்', வைரஸின் வேலை, பல பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். தீவிரமான மாற்றம் 'ஹெச்சில்'. அது புற்றல்ல, ஆனால் சும்மா விட்டால் ஆகலாம். அதற்கும் மேலே போனால்தான் புற்று. இவை எதிலும் சேராத ஒன்று, 'போதாது': செல்களே சரியாக வரவில்லை, எதுவும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும், 'அழற்சியால் வந்த மாற்றங்கள்' என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அழற்சி என்று எழுதாத ரிப்போர்ட்டை ரிப்போர்ட்டாகவே மதிக்க மாட்டார்கள். எழுதினால் மாத்திரை கொடுப்பார்கள், எல்லோருக்கும் திருப்தி.

பத்து நாள் கழித்து ஸ்மியர் எடுத்த லேடி டாக்டர் போன் செய்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் அவரோடு பேச முடியும்.

"ஏம்மா, அந்தக் கீழ்பென்னாத்தூர் பொம்பளைக்கு நார்மல்னு எழுதியிருக்கியே, நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் மேடம். அழற்சி இருக்கு."

"மாத்திரை குடுத்து முடிச்சாச்சு. தொட்டாலே ரத்தம் கசியுது. என் கண்ணு ஒண்ணு சொல்லுது, உன் பேப்பர் ஒண்ணு சொல்லுது. உன் பேப்பருக்காக நான் சும்மா இருக்க மாட்டேன். திரும்பிப் பாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல்தான் கோபம் என்று லேப் போய்ச் சேருகிற வரைக்கும் நம்பினேன். என் ரிப்போர்ட் சரி என்று நிரூபிக்கத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

ஸ்லைடை ஏற்றி, ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் இரண்டு சால் ஒன்றுமில்லை. நல்ல செல் பரந்த தோசை மாதிரி இருக்கும், நடுவில் ஒரு மிளகு அளவுக்கு உட்கரு. அப்படித்தான் நிறைய இருந்தன. நான் உள்ளுக்குள் ஜெயித்துக்கொண்டிருந்தேன். பேர் ஒட்டிய முனைக்குப் பக்கத்தில், ரத்தமும் சளியும் திட்டாக இருந்த இடத்தில், கை நின்றுவிட்டது.

சின்னச் சின்ன செல்கள், நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கொத்து. தோசை சுருங்கி, மிளகு ஊதி, செல் முழுவதும் உட்கருதான். அழற்சியிலும் உட்கரு பெரிதாகும். ஆனால் அதன் விளிம்பு வழவழப்பாக இருக்கும், உள்ளே வெளிறிப்போய்ப் புள்ளி தெரியும். இதில் விளிம்பு கடித்து வைத்த மாதிரி, நிறம் அடர்ந்து, உள்ளே கரடுமுரடாக, புள்ளி எதுவும் இல்லாமல். ஒரே ஒரு கொத்து என்றால், 'ஹெச்சில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது' என்று எழுதிப் பிழைக்கவும் ஒரு பிரிவு இருக்கிறது. தேடினேன். ஐந்து கொத்துகள், சளிக் கோட்டிலேயே தனித்தனியாக இன்னும் இருபது செல்கள். பிழைக்க வழியில்லை. ஹெச்சில்.

லேப்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் முகத்தில் நிஜமான வருத்தம்.

"இந்த எடம் ரொம்ப அழுக்கா இருக்கு டாக்டர். அதனாலதான் விட்டுட்டேன்."

"அழுக்கான எடத்துலதாங்க நமக்கு வேலையே."

சொல்லிவிட்டு, பழைய படங்களைப் போனில் எடுத்தேன், அவரை இன்னும் நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான். மூன்றாவது படத்தின் மூலையில், பாதி வெட்டுப்பட்டு, அந்தக் கொத்துகளில் ஒன்று இருந்தது. வெளிச்சம் கூட்டியும் கறுப்பாகத்தான் இருந்தது. அன்றைக்கே அதை என் கண் பார்த்திருக்கிறது. அழற்சிச் செல்களின் குவியல் என்று நானே சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குத் தள்ளியிருக்கிறேன். காபி ஆறிவிடும் என்று அவசரம். வெட்கமாக இருந்தது. திட்ட வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டேன்.

லேடி டாக்டருக்குச் சொன்னேன். ஆச்சரியமாக, அவர் கத்தவில்லை. "அவங்கள லேப்புக்கே அனுப்புறேன். நீயே சொல்லு" என்றார். கத்தியிருக்கலாம்.

மறுநாள் அந்தக் கீழ்பென்னாத்தூர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மகளிர் குழுவில் தலைவி. திருத்திய ரிப்போர்ட்டையும் பழைய ரிப்போர்ட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொத ரிப்போர்ட்டு யாரு பாத்தது?"

"நான்தான்."

"இது?"

"இதுவும் நான்தான்."

"அப்ப எதை நம்புறதுங்க?"

இரண்டாவதை என்று சொல்ல வாய் வந்தது. "ரெண்டையும் வச்சு முடிவு பண்ண வேணாம்மா" என்றேன். "இது சந்தேகத்தைக் காட்டுற டெஸ்ட்டு. லென்ஸ் வச்சுப் பாத்து, ஒரு துளி சதை எடுத்துப் பாத்தாதான் முடிவு. புத்துன்னு அர்த்தமில்ல. அதுக்கு முன்னால இருக்கற நிலையா இருந்தா, அந்த எடத்த மட்டும் எடுத்துட்டாப் போதும். தள்ளிப் போட மட்டும் கூடாது." பிறகு, சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது என்று தோன்றியதால், பௌர்ணமியையும் ஆறு படங்களையும் சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"எங்கூட வேன்ல பதினோரு பேரு வந்தாங்களே. அவங்களுதும் போட்டோதானா?"

லேப்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். நேற்றிலிருந்து அந்தக் கேள்வி என் தலைக்குள் இருந்தது. யாரும் கேட்காமல் இருந்தால் நல்லது என்றுதான் அதை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தேன்.

"வர மாட்டேன்னவங்கள நாந்தான் இழுத்துனு வந்தேன்" என்றார் அவர். "ஒண்ணுமில்லன்னு சொன்னதும் அல்வா வாங்கித் துன்னுட்டுப் போனாங்க."

"பெட்டியை எடுங்க" என்றேன் லேப்காரரிடம்.

"எல்லாத்துக்கும் ரிப்போர்ட் குடுத்தாச்சே டாக்டர்."

"அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

பதினோரு ஸ்லைடு. ஓரத்திலிருந்து ஓரம் வரை, சால் விடாமல். அந்த அம்மா போகவில்லை, எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஸ்லைடை இறக்கும்போதும், "அது?" என்பார். "நல்லாருக்கு" என்பேன். அடுத்ததை ஏற்றுவேன். பத்து ஸ்லைடு நிஜமாகவே நன்றாக இருந்தது. அப்படி இருந்ததில் என் திறமை எதுவும் இல்லை, அதிர்ஷ்டம் அவர்களுடையது.

பதினோராவதில் கெட்ட செல் இல்லை. நல்ல செல்லும் இல்லை. ஸ்லைடு முழுக்க ரத்தம். அங்கங்கே தேறிய செல்களைத் தேடிப் பிடித்து, அதே ஆறு அழகான படங்களை எடுத்திருக்கிறார் மனிதர். நானும் அதற்கு நார்மல் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"இது போதாதும்மா. இவங்களுக்குத் திரும்ப எடுக்கணும். நான் போன் பண்ணிச் சொல்றேன்."

"நீங்க சொன்னா பயந்துருவா" என்று அவர் தன் போனை எடுத்தார். இரண்டு ரிங் போவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஏய், நாந்தான். நாளைக்கு ஒருவாட்டி டாக்டருகிட்ட வரணும்டி, திரும்ப எடுக்கறாங்களாம். இல்லல்ல, கேன்சர்லாம் ஒண்ணும் சொல்லல. எனக்கா? எனக்கு அப்பறம் சொல்றேன். நீ பயப்படாம வா. இந்த வாட்டி பாத்துட்டு எழுதுவாங்க."